பாடம் 7: ஒருவர் அட்டை, பலர் பங்கு

கற்றல் நோக்கம்: ஒருவர் முன்னின்று செலுத்திய பொதுச்செலவைப் பலருக்கும் முறையாகப் பகிர்தல், நிலுவையை அறிந்து தீர்த்தல், கணக்குத் தொடர்பான தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்துதல்.

படிப்போம்

திருவனந்தபுரத்தில் கரமனை அருகே ஒரே அடுக்ககத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. நெல்லை, மதுரை, தஞ்சை, கோவை ஆகிய ஊர்களிலிருந்து வேலையின்பொருட்டு வந்தவர்கள் அவர்கள். அக்கம்பக்கத்தார் அவர்களை ஊர்ப்பெயராலேயே அழைத்தனர். ஒரு சனிக்கிழமை நான்கு குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு வேனில் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டனர். நெல்லைக் குடும்பத்தில் நால்வர், மதுரையில் மூவர், கோவையில் மூவர், தஞ்சையில் தாத்தா பாட்டி இருவர். ஆக, பயணிகள் பன்னிருவர்.

வழியில் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. எனினும் அவ்வரண்மனையை இன்றும் கேரள அரசே பேணி வருகிறது. திங்கட்கிழமைகளில் அது மூடப்பட்டிருக்கும் என்பதால் சனிக்கிழமையைத் தேர்ந்திருந்தனர். இரவு கன்னியாகுமரியில் தங்கி, ஞாயிறு காலை படகில் விவேகானந்தர் பாறைக்குச் சென்றனர். கடல் அலை மிகுந்திருந்ததால் தஞ்சைத் தாத்தாவும் பாட்டியும் கரையிலேயே அமர்ந்துகொண்டனர். 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைத் தூரத்திலிருந்தே கண்டு மகிழ்ந்தனர்.

வேன் வாடகை, விடுதி அறைகள், உணவகம் ஆகிய மூன்றுக்கும் நெல்லை மாமா தம் கடன் அட்டையால் பணம் செலுத்தினார். "தனித்தனியே கொடுத்தால் குழப்பம், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்றார். படகுக் கட்டணத்தை மதுரைக் குடும்பம் கொடுத்தது. அரண்மனை நுழைவுக் கட்டணத்தைத் தஞ்சைத் தாத்தா கொடுத்தார்.

திரும்பிய மறுநாள் மாமா தம் கைப்பேசிக் குறுஞ்செய்திகளைக் கூட்டி, "அட்டையில் 22,000 ரூபாய் போயிற்று. நான்கு குடும்பம், ஆளுக்கு 5,500" என்றார். எல்லாரும் தலையசைத்தனர். எட்டாம் வகுப்பில் பயிலும் மதுரைக் குடும்பத்துச் சிறுமி மட்டும், "மாமா, ரசீதுகளை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

முதற்படி: ரசீதே சான்று

ரசீதுகளைக் கூட்டியபோது வேன் 7,200, அறைகள் 8,000, உணவு 4,800 என 20,000 ரூபாய்தான் வந்தது. குறுஞ்செய்தியில் மட்டும் 2,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. காரணம் விடுதி ரசீதின் அடியில் இருந்தது. அறைக்குள் நுழையும்போது அட்டையில் 2,000 ரூபாயைக் காப்புத்தொகையாகப் பிடித்து வைத்திருந்தனர். அறையைக் காலி செய்தபோது அதனை விடுவித்துவிட்டனர். விடுவித்த தொகை அட்டைக்குத் திரும்பச் சில நாள்கள் ஆகும். ஆகவே குறுஞ்செய்தி, அந்த நேரத்தில் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. எதற்காக எவ்வளவு செலவாயிற்று என்பதை ரசீதே சொல்லும். மாமாவின் கணக்கின்படி மற்ற மூன்று குடும்பங்களும் ஆளுக்கு 500 ரூபாய் மிகுதியாகக் கொடுத்திருக்கும். தாம் அறியாமலே அவர் 1,500 ரூபாயைக் கூடுதலாகப் பெற்றிருப்பார்.

இரண்டாம்படி: எதை எப்படிப் பங்கிடுவது?

நான்கால் வகுத்தல் எளிது. ஆனால் அது நேர்மை ஆகாது. இருவர் உண்டதற்கும் நால்வர் உண்டதற்கும் ஒரே தொகை ஆகுமா? படகில் ஏறாதவர் படகுக் கட்டணம் தரவேண்டுமா? சிறுமி இந்த வினாக்களை எழுப்பியபோது தஞ்சைப் பாட்டி, "நாங்கள் பெரியவர்கள், கொடுத்துவிடுகிறோம் கண்ணே" என்றார். தாத்தா குறுக்கிட்டு, "கணக்கு வேறு, அன்பு வேறு. கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டு, அன்பினால் கொடுப்பதைப் பிறகு கொடுப்போம்" என்றார்.

அதன்பின் அனைவரும் ஒப்புக்கொண்ட விதி இது: வேன், உணவு, நுழைவுக் கட்டணம் மூன்றும் ஆள்கணக்கில். அறை குடும்பத்திற்கு ஒன்று. ஆதலால் குடும்பக் கணக்கில். படகு, ஏறியவருக்கு மட்டும்.

வேன் 7,200 ÷ 12 = ஆளுக்கு 600. உணவு 4,800 ÷ 12 = ஆளுக்கு 400. அறை 8,000 ÷ 4 = குடும்பத்திற்கு 2,000. நுழைவு 600 ÷ 12 = ஆளுக்கு 50. படகு 1,000 ÷ 10 = ஆளுக்கு 100. (இத்தொகைகள் கணக்கு எளிதாக அமைவதற்காக எடுத்துக்கொண்டவை.)

மூன்றாம்படி: பங்கும் நிலுவையும்

| குடும்பம் | பங்கு | செலுத்தியது | நிலுவை |
|---|---|---|---|
| நெல்லை (4) | 6,600 | 20,000 | பெறவேண்டியது 13,400 |
| மதுரை (3) | 5,450 | 1,000 | தரவேண்டியது 4,450 |
| தஞ்சை (2) | 4,100 | 600 | தரவேண்டியது 3,500 |
| கோவை (3) | 5,450 | 0 | தரவேண்டியது 5,450 |
| மொத்தம் | 21,600 | 21,600 | |

இங்கு இரண்டு சோதனைகள் உள்ளன. பங்குகளின் கூட்டுத்தொகையும் செலுத்தியவற்றின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தரவேண்டியவை அனைத்தையும் கூட்டினால் பெறவேண்டியது வருதல் வேண்டும்: 4,450 + 3,500 + 5,450 = 13,400. இவ்விரண்டில் ஒன்று பிழைத்தாலும் எங்கோ ஒரு ரசீது விடுபட்டது, அல்லது இருமுறை எழுதப்பட்டது என்று பொருள். மாமாவின் 22,000ஐ அட்டவணையில் எழுதியிருந்தால் செலுத்தியது 23,600 ஆகியிருக்கும். 2,000 வேறுபாடு அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

நான்காம்படி: குறைந்த பரிமாற்றம்

ஒவ்வொரு செலவையும் தனித்தனியே தீர்க்க முற்பட்டால், அட்டைச் செலவுக்காக நெல்லைக்கு மூவர் அனுப்பவேண்டும். படகுக்காக மதுரைக்கு இருவர், நுழைவுக்காகத் தஞ்சைக்கு மூவர். ஆக, எட்டுப் பரிமாற்றங்கள். அவற்றில் மதுரை நெல்லைக்கு அனுப்பும். நெல்லை மதுரைக்குத் திருப்பி அனுப்பும். நிலுவையைக் கண்டபின் அனுப்பினால் மூன்றே பரிமாற்றங்களில் முடிந்துவிடும். எத்தனை குடும்பங்களாயினும், அவற்றின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்த அளவுக்கு மேல் பரிமாற்றம் தேவைப்படாது. நான்கு குடும்பங்களுக்கு மூன்று போதும்.

ஐந்தாம்படி: அனுப்புதலும் உறுதிசெய்தலும்

2016ஆம் ஆண்டு அறிமுகமான யுபிஐ முறையால் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் நொடிகளில் சென்றடைகிறது. அன்று மாலையே மதுரையும் தஞ்சையும் அனுப்பிவிட்டன. அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயர் மாமாவின் பெயர்தானா என்று பார்த்தனர். குறிப்பில் "குமரிப் பயணம்" என எழுதினர். கிடைத்த 12 இலக்கக் குறிப்பெண்ணை அட்டவணையின் ஓரத்தில் பதிந்தனர். திருமணத்தில் மொய் எழுதுவோர் பெயரையும் தொகையையும் ஒரே வரியில் பதிவது போன்றதே இதுவும்.

கோவை அத்தை அனுப்பியபோது தடங்கல் நேர்ந்தது. அவர் கணக்கில் 5,450 குறைந்தது. மாமாவுக்கு வந்து சேரவில்லை. "மறுபடியும் அனுப்பட்டுமா?" என்று அத்தை பதறினார். மாமா தடுத்தார். இவ்வாறு நேர்ந்தால், அடுத்த நாள் முடிவதற்குள் பணம் அனுப்பியவர் கணக்கிற்கே தானாகத் திரும்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடும் உண்டு. உடனே மறுபடி அனுப்பினால் இரண்டும் சென்று சேர்ந்து புதிய நிலுவை உண்டாகலாம். மறுநாள் காலை பணம் அத்தையின் கணக்கிற்குத் திரும்பிற்று. அதன்பின்பே மீண்டும் அனுப்பினார்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. பணம் அனுப்புவதற்கே இரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. "பணம் வர எண்ணை இடுங்கள்" என எவரேனும் கூறின் அது ஏமாற்று.

ஏன் விரைவு வேண்டும்?

மாமா வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் அவருடைய கடன் அட்டைக்குக் கெடு நாள் உண்டு. அந்நாளுக்குள் முழுத்தொகையும் கட்டினால் வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எஞ்சியதற்கு வட்டி ஏறும். அதுவும் செலவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே பிறர் தாமதித்தால் அவர்களுடைய பங்குக்கான வட்டியும் அட்டை உரிமையாளர் தலையில் விழும். கெடு நாளுக்கு முன்பே தீர்ப்பது, முன்னின்று செலுத்தியவர்க்கு நாம் செய்யவேண்டிய கடமை.

மூன்று பரிமாற்றங்களும் முடிந்தன. தஞ்சைப் பாட்டி, கணக்குப் போட்ட சிறுமிக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தார். "இது கணக்கில் வராது" என்றார்.

சொற்பொருள்

பங்கு – ஒருவர்க்கு உரிய பகுதி (மலையாளத்திலும் இதே சொல் வழங்குகிறது)
நிலுவை – தரவோ பெறவோ எஞ்சியிருப்பது
காப்புத்தொகை – பாதுகாப்பிற்காகப் பிடித்து வைத்துப் பின் திருப்பும் பணம்
கெடு – குறித்த இறுதி நாள்
ஈடு – இழப்பிற்கு மாற்றாகத் தருவது

விடை எழுதுக

1. குறுஞ்செய்தித் தொகையும் ரசீதுத் தொகையும் வேறுபட்டது ஏன்?
2. அறைக்கட்டணத்தை ஆள்கணக்கில் (ஒருவர்க்கு எவ்வளவு?) பங்கிட்டிருந்தால் எக்குடும்பம் மிகுதியாகத் தந்திருக்கும்? அது நேர்மையா? இரு பக்கக் கருத்தையும் எழுதுக.
3. கோவைக் குடும்பம் ஞாயிறு மாலைச் சிற்றுண்டிக்கு 1,200 ரூபாய் கொடுத்திருந்தால், ஆள்கணக்கில் பங்கிட்டு அட்டவணையைப் புதிதாக எழுதுக. (சரிபார்க்க: நெல்லை பெறவேண்டியது 13,000.)

மொழிப்பயிற்சி

பணம் செல்லும் திசையை வேற்றுமை உருபு காட்டும். "மதுரை நெல்லைக்குத் தந்தது", "நெல்லை மதுரையிடமிருந்து பெற்றது" என்னும் இரு தொடரும் ஒரே நிகழ்வைக் கூறுகின்றன. கீழ்வருவனவற்றை அவ்வாறு மாற்றி எழுதுக.

அ) தஞ்சை நெல்லைக்கு 3,500 ரூபாய் அனுப்பியது.
ஆ) நெல்லை கோவையிடமிருந்து 5,450 ரூபாய் பெற்றது.

செயல்பாடு

உம் குடும்பம் பிறருடன் சென்ற ஒரு பயணத்தின் ரசீதுகளைப் பெற்றோரிடம் கேட்டு வாங்குக. மேலே கண்டது போல் அட்டவணை அமைத்து, இரு சோதனைகளையும் செய்து வகுப்பில் விளக்குக.