கண்டும் காணாமை

எதிரே வருபவரைப் பாராது செல்லும் ஒருவரைக் "கண்டும் காணாதவர் போற் போகின்றார்" என்று நாம் குறை கூறுவது வழக்கம். அச்சொல்லில் ஓர் ஐயம் அடங்கியிருக்கின்றது. கண் திறந்திருந்தது, பொருளும் எதிரே நின்றது, ஆதலின் அவர் கண்டேயிருத்தல் வேண்டும், காணாதது போலப் பாசாங்கு செய்கின்றார் என்பதே நாம் கொள்ளும் கருத்து. இக்கருத்து எப்பொழுதும் உண்மையன்று என்பதை உளநூலார் பல சோதனைகளால் நிறுவியுள்ளனர். பாசாங்கு சிறிதும் இன்றியே மனிதர் கண்டும் காணாதிருப்பர். வீதியில் வாகனம் செலுத்துவோரிடத்து இஃது எவ்வாறு நிகழ்கின்றதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி கண்ணிலன்றிக் காதிலேதான் தொடங்கிற்று. பலர் கூடிப் பேசும் விருந்து மண்டபத்திலே, அத்தனை குரல்களுக்கிடையே நம்மோடு பேசுபவரின் குரலை மட்டும் எவ்வாறு பிரித்துக் கேட்கின்றோம் என்னும் வினாவைக் கொலின் செரி என்னும் ஆங்கில அறிஞர் 1953ஆம் ஆண்டில் எழுப்பினார். கேட்போரின் இரு காதுகளிலும் ஒலிக்கருவியைப் பொருத்தி, வலக்காதில் ஒரு பேச்சையும் இடக்காதில் வேறொரு பேச்சையும் ஒரே வேளையில் ஒலிக்கச் செய்தார். ஒரு காதிற் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு அவர்களைப் பணித்தார். அவர்கள் அதனைச் செவ்வனே செய்தனர். ஆனால் மற்றைக் காதில் யாது கேட்டது என்று பின்னர் வினவியபோது, அவர்களால் ஏறக்குறைய ஒன்றுமே கூற முடியவில்லை. ஆண்குரல் பெண்குரலாக மாறியதை அறிந்தனர். பேசப்பட்ட பொருளை அறிந்திலர். ஆங்கிலப் பேச்சு இடையில் ஜெர்மன் மொழிக்கு மாறியதையும் அவர்கள் உணரவில்லை.

இங்ஙனம் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை விலக்குதலைத் தெரிகவனம் என்பர். விலக்கிய காதில் நம் பெயர் ஒலித்தால் உடனே கேட்கும் என்று பலரும் கூறுவர். 1959ஆம் ஆண்டில் நெவில் மோறே என்பவர் அதனையும் சோதித்தார். மூவரில் ஒருவரளவிலேயே தம் பெயரைக் கேட்டறிந்தனர். 1995ஆம் ஆண்டில் வேறு அறிஞர் மீண்டும் சோதித்தபோதும் ஏறத்தாழ அதே அளவே கிடைத்தது. ஆகவே நம் பெயரே ஆயினும் அது பெரும்பாலும் வாயிலிலே தடைப்பட்டு நின்றுவிடுகின்றது.

காதுக்குரிய இவ்வுண்மை கண்ணுக்கும் பொருந்தும் என்பதை 1999ஆம் ஆண்டில் டானியல் சைமன்ஸ், கிறிஸ்தோபர் சாப்ரிஸ் என்னும் இருவர் அமெரிக்காவிலுள்ள ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் காட்டினர். பந்தெறிந்து விளையாடும் இரு குழுவினரின் படத்தைக் காண்பித்து, ஒரு குழுவினர் எத்தனை முறை பந்தெறிகின்றனர் என்று எண்ணுமாறு கூறினர். ஆட்டத்தின் நடுவே கொரில்லாக் குரங்கின் வேடம் பூண்ட ஒருவர் நடந்து சென்றார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைக் காணவேயில்லை. இந்நிலையைக் கவனமின்மைக் குருடு எனலாம்.

இனி வீதிக்கு வருவோம். கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பேசியவாறு வாகனம் செலுத்துதலைப் பல நாடுகள் சட்டத்தால் விலக்கியுள்ளன. கையைப் பயன்படுத்தாது காதிற் கருவி பொருத்திப் பேசினால் இடரில்லை என்று பலரும் நம்புகின்றனர். குற்றம் கையிலேதான் இருக்கின்றதா? அமெரிக்காவிலுள்ள யூட்டாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவர்தம் துணைவரும் இவ்வினாவைப் படிப்படியாக ஆராய்ந்தனர்.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனையில், திரையில் அசையும் குறியொன்றைக் கைப்பிடியாற் பின்தொடரவும், சிவப்பு ஒளி தோன்றியதும் பொத்தானை அழுத்தவும் பணித்தனர். தொலைபேசியில் உரையாடியோர் தவறவிட்ட சிவப்பு ஒளிகள் ஏறத்தாழ இரு மடங்காயின. தொலைபேசி கையில் இருந்தாலும் இல்லாவிடினும் வேறுபாடு காணப்படவில்லை. வானொலி கேட்டோரிடத்திலோ அத்தீங்கு தோன்றவில்லை. ஆகவே கையிலும் குற்றமில்லை. காதிற் கேட்டல் என்னும் செயலிலும் குற்றமில்லை. மறுமொழி தேடி உரையாடுதலிலேதான் மனம் செலவாகின்றது.

அவ்வாறாயின், உரையாடுவோர் வீதியைப் பாராது வேறெங்கோ பார்க்கின்றனரோ என்னும் ஐயம் எழும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. வாகனம் செலுத்துவதுபோல் அமைந்த ஆய்வுக்கூடக் கருவியில் இருந்தோரின் கண்கள் எங்கே நோக்குகின்றன என்பதைக் கருவியொன்று குறித்தது. வழியோரம் விளம்பரப் பலகைகள் நின்றன. ஓட்டம் முடிந்தபின், முன்னறிவிப்பின்றி, எப்பலகைகளைக் கண்டீர்கள் என்று வினவினர். கண் நேராக நோக்கிய பலகைகளை மட்டும் எடுத்துக் கணித்தபோதும், தொலைபேசியிற் பேசியவர்கள் அறிந்துகொண்டவை பேசாதவர்கள் அறிந்தவற்றின் பாதியளவே.

கண்டபின் மறந்திருப்பரோ என்று மேலும் ஒருவர் தடை எழுப்பலாம். அதற்கும் விடை உண்டு. முன்செல்லும் வாகனத்தின் தடுப்பு விளக்கு எரியும்போது மூளையில் எழும் மின்னலையை அளந்தனர். உரையாடும்போது அவ்வலையின் உயரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மறதி பின்னர் நிகழ்வது. இக்குறைவோ விளக்கு எரிந்த அக்கணத்திலேயே நிகழ்கின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும் என்பதை நினைத்தால் அக்கணத்தின் பெறுமதி விளங்கும்.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் இத்தகையதன்றோ என வினவலாம். 2008ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தார் இதனையும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தங்குமிடத்திலே வாகனத்தைத் திருப்பி நிறுத்துமாறு கூறினர். தொலைபேசியில் நண்பரோடு பேசியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்விடத்தைத் தவறவிட்டுச் சென்றனர். நண்பரைப் பக்கத்தில் இருத்திப் பேசியவர்களுட் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினர். காரணம் எளிது. பக்கத்தில் இருப்பவரும் வீதியைக் காண்கின்றார். நெருக்கடி நேர்கையில் அவரது பேச்சும் வீதியைப் பற்றியதாகின்றது. திரும்புமிடத்தை அவரே சுட்டுவதும் உண்டு. தொலைவில் இருப்பவர் வீதியைக் காணாராதலின், இடமறியாது பேச்சைத் தொடர்கின்றார்.

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சோதனைகள். பேசியவாறு செல்வோர் எல்லாரும் விபத்துக்குள்ளாவர் என்று இவை கூறவில்லை. வழக்கமான ஓட்டம் இடரின்றி நிகழ்ந்துவிடும். எதிர்பாராதது குறுக்கே வரும்போதே குறை வெளிப்படும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. காணாத பொருள் மனத்தில் ஒரு தடமும் விடுவதில்லை. ஆதலால், எத்தனை முறை தவறவிட்டோம் என்பதைத் தவறவிட்டவர் அறியார். "இத்தனை ஆண்டுகள் பேசிக்கொண்டே ஓட்டினேன், ஒன்றும் நேரவில்லை" என்பவரின் சான்று இக்காரணத்தால் வலிமை குன்றுகின்றது. "பார்த்தேன், ஒருவரும் வரவில்லை" என்று விபத்தின்பின் கூறுபவர் பொய்யராதல் வேண்டியதில்லை. அவர் கூற்று மெய்யாகவே இருக்கலாம். வந்தவருக்கு நேர்ந்த கேட்டை அம்மெய் மாற்றாது.

ஆகவே இக்கடமை வாகனம் செலுத்துபவருக்கு மட்டும் உரியதன்று. மறுமுனையிற் பேசுபவரும் அவ்வாகனத்தின் கவனத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றார். மகனையோ நண்பரையோ மாணவரையோ அழைக்கும் நாம், நலம் வினவுமுன் "தம்பி, இப்பொழுது வாகனம் ஓட்டுகிறீரா?" என்று வினவுதல் வேண்டும். ஆம் என்று விடை வருமாயின், "நிறுத்தியபின் பேசுவோம்" என்னும் இரு சொற்களோடு பேச்சை முடித்தல் நம் கடன். வீதியைக் காணாத நாம் அவருக்குச் செய்யக்கூடிய உதவி அதுவே.