501-வது யூனிட்டும் ஏழு ஸ்லைடுகளும்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2024 ஜூலையில் வந்த மின்கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. கூடுதலாக ஓடிய அந்த ஒரு யூனிட் 243 ரூபாயை இழுத்துவிடுகிறது. வீட்டுச் செலவைப் பற்றி எழுதும் ஒரு நியூஸ்லெட்டரின் சனிக்கிழமை இதழ் இதைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்ஸ்டாகிராம் கரோசலில் எப்படி முன்கூட்டிக் காட்டினால் பார்ப்பவர் சந்தாதாரர் ஆவார்?

பலரும் முதல் ஸ்லைடில் நியூஸ்லெட்டரின் பெயர், லோகோ, ‘இந்த வார இதழ் விரைவில்’ என்ற அறிவிப்பு ஆகியவற்றைப் போடுகிறார்கள். பெயரே தெரியாதவருக்கு அதில் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன இரண்டு பில் தொகைகளையும் மேலும் கீழுமாகப் பெரிய எழுத்தில் போட்டால், தன் வீட்டு பில் நினைவுக்கு வந்து விரல் தானாக நகரும்.

இரண்டாவது ஸ்லைடு தனியாகவே நிற்க வேண்டும். முதல் ஸ்லைடைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டுவதுண்டு. ‘ஏன் தெரியுமா?’ என்று மட்டும் அங்கே இருந்தால் அந்த வாய்ப்பு வீண். ‘500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலை 2.35 ரூபாயிலிருந்து 4.70 ஆகிறது’ என்று காரணத்தையே எழுதிவிடலாம்.

அடுத்த மூன்று ஸ்லைடுகளில் முழுக் கணக்கும் வரட்டும். 500 யூனிட்டுக்கான கணக்கு ஒன்றில், 501-க்கானது அடுத்ததில், இரண்டுக்குமான வித்தியாசம் மூன்றாவதில். எல்லாவற்றையும் இங்கேயே கொடுத்துவிட்டால் யார் சந்தா சேர்வார்கள் என்ற பயம் எழுதுபவருக்கு வரும். நான் பார்த்தவரை, பாதியில் நிறுத்தி ‘மீதி இதழில்’ என்று சொல்லும் கரோசல்தான் ஆளை விரட்டுகிறது. ஒரு கேள்விக்கான பதிலை முழுசாகத் தந்தால்தான் இந்த இதழ் எந்தத் தரத்தில் எழுதப்படுகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆறாவது ஸ்லைடில் இதழுக்குள் மிச்சம் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். ரீடிங் எடுக்க வரும் நாளுக்கு முன் மீட்டரைப் பார்த்து பில்லைக் கணிக்கும் முறை, ஏசி ஓடும் மாதங்களுக்கான அட்டவணை என்று பெயர் சொல்லியே எழுதலாம். இன்பாக்ஸில் அந்த மின்னஞ்சல் திறந்திருக்கும் உண்மையான ஸ்கிரீன்ஷாட்டை அருகில் வைத்தால் நம்பிக்கை கூடும்.

ஏழாவது, சந்தா சேர்ந்தால் என்ன வரும் என்பதற்கு: எந்த நாள், எவ்வளவு நீளம், காசு உண்டா இல்லையா. ஜேம்ஸ் கிளியரின் ‘3-2-1’ மடல் இதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. வியாழன்தோறும் மூன்று யோசனைகள், இரண்டு மேற்கோள்கள், ஒரு கேள்வி. அந்த அளவுக்குத் துல்லியமாக ஒரே வரியில் எழுத வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்திலோ கேப்ஷனிலோ போடும் லிங்க் திறக்காது. ஆகவே ‘பயோவில் உள்ள லிங்க்கைத் தொடுங்கள்’ என்று இந்த ஸ்லைடிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழில் செய்யும்போது எழுத்தளவில் தனிக்கவனம் தேவை. நம் சொற்கள் நீளமானவை. புள்ளியும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். 1080×1350 அளவுப் படத்தில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் போனால் போனில் படிக்கச் சிரமம். கணினியில் நன்றாகத் தெரிவதை நம்பாமல் போனுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது.

சனிக்கிழமை இதழுக்கு வியாழனன்று கரோசல் போட்டால், அதைப் பார்த்துச் சேர்ந்தவருக்கு அதே இதழ் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை போட்டால் சிக்கல்தான். கரண்ட் பில்லுக்காகச் சேர்ந்தவருக்கு அடுத்த வாரம் நகைக்கடன் இதழ் போகும். ஏமாந்த உணர்வோடு சந்தாவை நிறுத்திவிடுவார். தாமதமாகத்தான் போட முடியும் என்றால், வரவேற்பு மின்னஞ்சலிலேயே அந்த இதழை இணைத்துவிட வேண்டும்.

பலன் எங்கே தடைபடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, பயோ லிங்க்கின் கடைசியில் ஓர் அடையாளம் சேர்க்கலாம்:

```
?utm_source=instagram&utm_medium=carousel&utm_campaign=eb500
```

பதிவைச் சேமித்தவர்கள் நிறைய, ப்ரொஃபைலுக்கு வந்தவர்கள் குறைவு என்றால் கடைசி இரண்டு ஸ்லைடுகளைத் திருத்த வேண்டும். ப்ரொஃபைலுக்கு வந்தும் லிங்க்கைத் தொடவில்லை என்றால் பயோவில் நியூஸ்லெட்டர் தெளிவாக இல்லை. லிங்க்கைத் தொட்டும் சேரவில்லை என்றால், பெரும்பாலும் சந்தாப் பக்கத்தின் முதல் வரியில் ‘எங்களைப் பற்றி’ இருக்கும். அந்த வாரத்துக்கு மட்டுமாவது அங்கே 1,805-ஐயும் 2,048.40-ஐயும் போட்டு, மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.