90 நாள் கடன் கொடுக்கலாமா: ஆண்டறிக்கையை ஒரு தாளில் எழுதும் விதம்

கோவையில் ஒரு ஃபவுண்டரியின் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் காஸ்டிங் வாங்கும் பெரிய நிறுவனங்களில் சில பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. ஜூலை, ஆகஸ்ட் வந்தால் அவற்றின் ஆண்டறிக்கைகள் வெளியாகத் தொடங்கும். முந்நூறு பக்கம் என்பது சாதாரணம். எங்கள் எம்.டி.யும் விற்பனைத் தலைவரும் அவற்றைப் புரட்டுவதில்லை. அவர்களுக்கு அதிலிருந்து ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

அந்தத் தாளை அறிக்கையின் சுருக்கமாக எழுதினால் யாருக்கும் உதவாது. விற்பனை இவ்வளவு கூடியது, லாபம் இவ்வளவு, புதிய ஆலை வருகிறது என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார். அதனால் அறிக்கையைத் திறக்கும் முன்பே, இதைப் படித்துவிட்டு அவர் என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் 60 நாள் கடன் தவணையை 90 நாளாக்கக் கேட்டது. எம்.டி. சொன்னது இவ்வளவுதான்: “அவங்க லாபம் எவ்வளவோ இருக்கட்டும். நம்ம பில்லுக்குச் சொன்ன நாள்ல பணம் வருமா, அதப் பாருங்க.” அந்தக் கேள்வியை அப்படியே தாளின் மேலே எழுதி வைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். கீழே வரும் எண்களை நிறுவனம் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் எந்தக் கணக்கைப் படிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அறிக்கையில் தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கு ஒன்றும், துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு ஒன்றும் இருக்கும். தலைவரின் கடிதமும் பளபளப்பான முதல் பக்கங்களும் பெரும்பாலும் ஒருங்கிணைந்த எண்களைப் பேசுபவை. எங்கள் பில் தாய் நிறுவனத்தின் பேரில் போகிறது. பணமும் அங்கிருந்துதான் வர வேண்டும். அதனால் இந்தக் கேள்விக்குத் தனிக் கணக்குதான் சரி. துணை நிறுவனத்துக்காகத் தாய் நிறுவனம் வங்கிக்குக் கொடுத்திருக்கும் உத்தரவாதத்தை மட்டும், எதிர்பாராப் பொறுப்புகள் என்ற குறிப்பிலிருந்து தனியாக எடுத்துக்கொள்வேன். துணை நிறுவனம் தடுமாறினால் அந்தக் கடன் தாய் நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

படிக்கும் வரிசையையும் மாற்றிக்கொண்டேன். தொடக்கம் தணிக்கையாளர் அறிக்கை. அதில் நிபந்தனையோ அழுத்திச் சொன்ன விஷயமோ இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து அதன் இணைப்பாக வரும் காரோ 2020 அறிக்கை. அதில் எங்களைப் போன்ற சப்ளையருக்கு இரண்டு பிரிவுகள் முக்கியம். நடைமுறை மூலதனக் கடனுக்காக வங்கிக்குக் கொடுத்த காலாண்டு விவரங்கள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒன்று சொல்லும். குறுகிய காலத்துக்கெனத் திரட்டிய பணத்தை நீண்ட காலச் செலவில் போட்டார்களா என்று மற்றொன்று சொல்லும். இந்த நிறுவனத்தில் இரண்டுக்குமே பதில் சுத்தமாக இருந்தது. சப்ளையர் பணத்தை எடுத்துக் கட்டடம் கட்டவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு ரொக்கப் பாய்வு, அதன் பிறகு குறிப்புகள். நிர்வாகத்தின் விளக்கப் பகுதிக்குக் கடைசியில்தான் போவேன். அதை முதலில் படித்துவிட்டால் அவர்கள் சொல்லும் காரணமே மனதில் உட்கார்ந்துகொள்ளும்; பிறகு எண்களை அந்தக் கண்ணோடுதான் பார்ப்போம்.

லாபம் 84 கோடியிலிருந்து 96 கோடியாகக் கூடியிருந்தது. ஆனால் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் 110 கோடியிலிருந்து 38 கோடியாக இறங்கியிருந்தது. விற்பனை 12 சதவீதம் வளர்ந்திருக்க, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 190 கோடியிலிருந்து 251 கோடியாக, அதாவது 32 சதவீதம் ஏறியிருந்தது. அதே ஆண்டில் அவர்கள் சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 128 கோடியிலிருந்து 169 கோடியானது. இந்த 41 கோடி மட்டும் ஏறாமல் இருந்திருந்தால் அந்த 38 கோடி ரொக்கமும் இருந்திருக்காது. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் தாமதமாகக் கொடுக்கிறார்கள். அந்தத் தாமதத்தை அவர்கள் எங்கள் பக்கம் தள்ளுகிறார்கள். 90 நாள் கேட்டதன் காரணம் இதுதான்.

இதைப் பற்றி அறிக்கையின் முன்பகுதியில் ஒரு வரி கூட இல்லை. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, நிறுவனங்கள் பதினொரு நிதி விகிதங்களைக் குறிப்புகளில் வெளியிட வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறிய விகிதத்துக்குக் காரணமும் எழுத வேண்டும். இவர்களுடைய சப்ளையர் பாக்கிச் சுழற்சி 6.6-லிருந்து 5.2 ஆகியிருந்தது. 365-ஐ இந்த விகிதத்தால் வகுத்தால் நாள் கணக்கு கிடைக்கும்: 55 நாளாக இருந்தது 70 நாளாகியிருக்கிறது. விகிதத்தின் மாற்றம் 21 சதவீதம். வரம்பைத் தொடவில்லை என்பதால் விளக்கம் கட்டாயமில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. சட்டப்படி இது சரிதான். ஆனால் பில் போட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்குப் பதினைந்து நாள் தாமதம் பெரிய விஷயம். விளக்கம் கொடுத்திருக்கும் விகிதங்களோடு நிறுத்தாமல், 15 சதவீதத்துக்கும் 25 சதவீதத்துக்கும் இடையில் மாறியவற்றைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்த சான்று பாக்கியின் வயது அட்டவணை. எவ்வளவு பாக்கி எத்தனை காலமாக நிற்கிறது என்பதைக் கெடு தேதியிலிருந்து கணக்கிட்டு இதில் காட்டுவார்கள். கெடு இன்னும் வராத தொகையைப் பல நிறுவனங்கள் தனிப் பத்தியாகக் கொடுக்கும், இவர்களும் கொடுத்திருந்தார்கள். சப்ளையர்களுக்குக் கெடு தாண்டி நின்ற தொகை 22 கோடியிலிருந்து 47 கோடியாகியிருந்தது. தவணையே நீண்டதால் மட்டும் பாக்கி ஏறவில்லை, ஒத்துக்கொண்ட தேதியிலும் பணம் போகவில்லை என்பது இதில் தெரிந்தது. மறுபுறம், அவர்களுக்கு வர வேண்டிய பாக்கியில் கெடு தாண்டியது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டதே. மூழ்கிப்போன பணம் அதிகமில்லை. நிறுவனம் திவாலாகும் நிலையில் இல்லை. கையில் ரொக்கம் இறுகியிருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தாளில் தெளிவாகச் சொல்லாவிட்டால், படிப்பவர் பயந்து வியாபாரத்தையே நிறுத்திவிடவும் கூடும்.

எழுதும்போது, ஒரு வரியை எடுத்துவிட்டால் முடிவு மாறுமா என்று பார்ப்பேன். ஏற்றுமதி வளர்ச்சி, விருதுகள், சமூகப் பொறுப்புச் செலவு எல்லாம் அப்படித்தான் வெளியே போயின. புதிய ஆலையை மட்டும் வைத்துக்கொண்டேன், அதற்கு அடுத்த ஆண்டும் பணம் போகும் என்பதால். அறிக்கை லட்சத்தில் இருந்தாலும் தாளில் கோடியில் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் கோடியில்தான் யோசிக்கிறார்கள். முந்தைய ஆண்டு எண்களைப் பழைய அறிக்கையிலிருந்து எடுப்பதில்லை. நிறுவனங்கள் தலைப்புகளை மாற்றி வகைப்படுத்தும்போது பழைய ஆண்டையும் திருத்திக் காட்டும் என்பதால், இந்த ஆண்டு அறிக்கையில் பக்கத்தில் இருக்கும் பத்தியிலிருந்தே எடுக்கிறேன். பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் தேடுவேன்.

அன்று கொடுத்த தாளின் சாரம் இது:

“90 நாள் கொடுக்க வேண்டாம். 75 நாள், பாக்கி உச்சவரம்பு 5 கோடி என்று ஒப்புக்கொள்ளலாம். 90 நாளே வேண்டுமென்றால் ட்ரெட்ஸ் வழியாக மட்டும்.

நமக்கு ஆகும் செலவு: மாதம் 2 கோடிக்குச் சப்ளை செய்கிறோம். 90 நாளானால் பாக்கி 4 கோடியிலிருந்து 6 கோடியாகும். கூடுதல் 2 கோடிக்கு 10 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 20 லட்சம்.

காரணம்: லாபம் கூடியும் தொழில் ரொக்கம் 110-லிருந்து 38 கோடி. சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் நாள் 55-லிருந்து 70. கெடு தாண்டிய சப்ளையர் பாக்கி 22-லிருந்து 47 கோடி.

தைரியம் தருவது: தணிக்கையில் குறை இல்லை. வர வேண்டிய பாக்கியில் பழையது குறைவு.

தெரியாதது: மார்ச் 31-க்குப் பிறகான நிலை. துணை நிறுவனத்துக்குக் கொடுத்த 90 கோடி உத்தரவாதம் எந்த அளவு ஆபத்தானது என்பது.”

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பக்க எண் போட்டிருந்தேன். அறிக்கையில் அச்சான பக்க எண்ணும் பி.டி.எஃப். காட்டும் எண்ணும் வேறுபடும்; எது என்று சொல்லாவிட்டால் சரிபார்ப்பவர் தேடித் தவிப்பார். 11 புள்ளி எழுத்தில், ஏ4 தாளில் ஓரம் குறைக்காமல் அடங்கியது. அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குவதில்லை, வரிகளை வெட்டுகிறேன்.

‘தெரியாதது’ பகுதியை எடுத்துவிடச் சொல்லி விற்பனைப் பக்கமிருந்து சில சமயம் கேட்பார்கள். நான் விடுவதில்லை. ஆண்டறிக்கை மார்ச் 31 அன்று எடுத்த கணக்கு. நாங்கள் படிக்கும்போது நாலைந்து மாதம் ஓடியிருக்கும். அந்த ஒரு நாளுக்காக வசூலை முடுக்கிவிட்டும் சரக்கைக் குறைத்தும் கணக்கை அழகாகக் காட்ட முடியும். ஜூன் காலாண்டு முடிவில் விற்பனையும் லாபமும் கிடைக்கும். ஆனால் சொத்து–பொறுப்பு நிலையும் ரொக்கப் பாய்வும் செப்டம்பர் முடிவோடு, நவம்பர் நடுவில்தான் வரும்.

தாளைப் படித்த எம்.டி. கேட்டது ஒன்றுதான். “ட்ரெட்ஸ்ல போனா பணம் வராமப் போச்சுன்னா நம்மகிட்ட திருப்பிக் கேப்பாங்களா?” கேட்க மாட்டார்கள், அங்கே பில்லுக்குப் பணம் கொடுக்கும் வங்கி, வாங்கிய நிறுவனத்திடம்தான் வசூலிக்க வேண்டும். நாங்கள் நடுத்தர நிறுவனம். சிறு நிறுவனங்களுக்கான 45 நாள் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. ஆனால் ட்ரெட்ஸில் பில் ஏற்றும் தகுதி உண்டு. வட்டியை யார் ஏற்பது என்பதில் மட்டும் வாடிக்கையாளரோடு பேச்சு இழுத்தது. கடைசியில் 75 நாளுக்கு அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தாளின் கோப்பில் நவம்பர் என்று எழுதி, ரொக்கப் பாய்வு, கொடுக்க வேண்டிய பாக்கி, குறுகிய காலக் கடன் ஆகிய மூன்று எண்களை மட்டும் அப்போது நிரப்புவதற்கு இடம் விட்டு வைத்தேன்.