குர்த்தாவின் பக்கப் பிளவு வாய் திறந்து நிற்காமல் இருக்க

குர்த்தா தைக்கப் பழகிய சகோதரிகள் பலர் கழுத்தையும் கையையும் அழகாகவே முடித்துவிடுகிறார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பும்போதுதான் குறை தெரிகிறது. சும்மா நிற்கும்போதே இரண்டு பக்கப் பிளவுகளும் கூடாரத்து வாசல் போல விரிந்து, உள்ளே சல்வாரின் கொசுவம் தெரிகிறது. உடனே நாம் செய்யும் வைத்தியம், பிளவை இரண்டு அங்குலம் கீழே இறக்கித் தைத்துவிடுவது. அதனால் குறை போவதில்லை. பஸ்ஸில் ஏறும்போது பிளவின் உச்சியில் தையல் ‘டர்’ரென்று கிழிகிறது. விரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளவின் நீளம் அல்ல, அந்த இடத்தில் துணியின் அகலம் போதாததுதான்.

தில்லிப் பக்கத்து டெய்லர்கள் இந்தப் பிளவை ‘சாக்’ என்பார்கள். நம் காதில் அது கோடு போடும் சாக்பீஸ் போல விழும்! துணி வெட்டக் கொடுக்கும்போது இந்தச் சொல் தெரிந்திருப்பது நல்லது.

பிளவு எப்படி நடந்துகொள்ள வேண்டும்? நிற்கும்போது முன்பாகத்தின் ஓரமும் பின்பாகத்தின் ஓரமும் மூடிய திரைச்சீலை போல ஒன்றையொன்று தொட்டு நேராகத் தொங்க வேண்டும். காலெடுத்து வைக்கும்போது முன்பாகம் முழங்காலோடு முன்னே போய்ப் பிளவு திறக்கும். நின்றதும் தானாக மூடிக்கொள்ளும். உட்கார்ந்தால் முன்பாகம் மடியில் விழும், பின்பாகம் இழுபடாமல் அடியில் போகும்.

குர்த்தா தோளிலிருந்து தொங்குகிறது. வழியில் அது உடம்பைத் தொடும் முக்கியமான இடங்கள் இரண்டு: மார்பு, பிறகு பின்புறம் மிக அகலமாக இருக்கும் இடம். பின்னதை டெய்லர்கள் ‘சீட்’ என்பார்கள். நாடா கட்டும் இடுப்பு வேறு, சீட் வேறு. பெரும்பாலோருக்கு இடுப்புக்கு ஏழு முதல் ஒன்பது அங்குலம் கீழே சீட் வரும். அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் துணி உடம்பை விட்டுச் சுதந்திரமாகத் தொங்குகிறது. ஆகவே பிளவு அங்கேயே, அல்லது அரை அங்குலம் கீழே, தொடங்க வேண்டும். அதற்கு மேலே தொடங்கினால், உடம்பு இன்னும் அகலமாகிக்கொண்டிருக்கும் இடத்தில் துணியைப் பிடித்து வைக்கத் தையல் இருக்காது. இரண்டு பாகமும் விலகிப் போகும். மிகவும் கீழே தொடங்கினால் நடைக்கு இடமிருக்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு மார்பளவு 36, சீட் 40 அங்குலம். தோளிலிருந்து சீட் வரை 22 அங்குலம். குர்த்தாவின் நீளம் 40. சீட் அளவை, குர்த்தாவுக்கு அடியில் போடப்போகும் சல்வாரைப் போட்டுக்கொண்டே எடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கொசுவம் நிறைந்த பட்டியாலா சல்வாருக்கும் ஒட்டிய சுடிதாருக்கும் இதில் நல்ல வித்தியாசம் வரும்.

வழக்கமாக நடப்பது என்ன? மார்பு 36-உடன் லூசுக்கு 4 சேர்த்து 40. நாலில் ஒன்று 10 அங்குலம். மார்பில் அந்த 10-ஐக் குறித்து, அங்கிருந்து கீழ்வரை நேர்கோடு போட்டுவிடுகிறோம். சீட்டிலும் துணியின் சுற்றளவு 40-தான், உடம்பும் 40. கொஞ்சம்கூட லூஸ் இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தாலே பிளவு விரியும், நின்ற பிறகும் மூடாது.

சரியான கணக்கு இது. சீட் 40-உடன் 4 சேர்த்து 44. நாலில் ஒன்று 11. தையலுக்கு 1 அங்குலம் விட்டு, மடித்த துணியின் மடிப்பிலிருந்து 12-இல் புள்ளி. தோளிலிருந்து இந்தப் புள்ளி 22½ அங்குலத்தில் இருக்கட்டும். பிளவு தொடங்கும் இடம் இதுதான். அதோடு நிறுத்தக்கூடாது. கீழ் ஓரத்தில் இன்னும் ஓர் அங்குலம் அதிகமாக 13-இல் புள்ளி வைத்து, இரண்டையும் நேர்கோட்டால் சேர்க்க வேண்டும். இந்தச் சிறிய விரிவுதான் ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி விழக் காரணம். கீழே போகப் போகக் குறுகினால் எத்தனை லூஸ் விட்டாலும் பிளவு திறந்தே நிற்கும். பின்புறம் சற்றுப் பருத்தவர்களுக்கு முன்பாகத்தில் கால் அங்குலம் குறைத்துப் பின்பாகத்தில் கால் அங்குலம் கூட்டிக்கொண்டால், பிளவு பின்னால் சாயாமல் பக்கத்தின் நடுவிலேயே நிற்கும்.

வெட்டியது சரியாக இருந்தாலும் தையலில் கெடுத்துவிட முடியும். பருத்தித் துணியானால் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பக்கத் தையலைப் பிளவுப் புள்ளியில் நிறுத்தி, இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு உறுதி செய்யுங்கள். பிறகு தையலுக்கு விட்ட துணியை இரு பக்கமும் பிரித்து, பிளவுக்கு மேலே மூன்று அங்குலம் வரை இஸ்திரியால் படிய வையுங்கள். இரண்டையும் ஒரே பக்கம் தள்ளித் தைத்தால் பிளவும் அந்தப் பக்கமே சாயும். இனி ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து, மீதி முக்கால் அங்குலத்தை மறுபடி மடித்து, ஒரு பக்கம் கீழிருந்து மேலே தைத்து, உச்சியில் குறுக்கே கடந்து, மறுபக்கம் கீழே இறங்குங்கள். உச்சியில் உள்பக்கம் ஒரு சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கிழியாது.

தைக்கும்போது ஓரத்தைக் கையால் இழுக்கவே கூடாது. கீழே விரிவு விட்டதால் இந்த ஓரம் நூலின் போக்கில் இல்லாமல் சற்றுச் சரிவாக இருக்கிறது, இழுத்தால் நீண்டுவிடும். நீண்ட ஓரம் அப்பளம் போல நெளிந்து நிற்கும். ஓரம் நெளியாமல் சுருங்கி மேலே ஏறினால், நூல் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

தைத்து முடித்த குர்த்தா விரிகிறதா? பிளவுக்கு மேலே பக்கத் தையலை நான்கு அங்குலம் பிரித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பிரித்த இடம் விலகிக்கொண்டு, கீழே ஓரங்கள் நேராக விழுந்தால் அகலம்தான் குறை. உள்ளே ஓர் அங்குலம் விட்டிருந்தால் ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலம் வெளியே விடலாம். நான்கு ஓரத்துக்கும் சேர்த்து இரண்டு அங்குலம் கிடைக்கும். அப்போது பிளவை மடிக்கத் துணி போதாது. நேர்நூலில் ஒன்றரை அங்குலப் பட்டி வெட்டி உள்பக்கம் வைத்துத் தைக்க வேண்டும். பழைய மடிப்புக் கோடு துணியில் லேசாகத் தெரியும், கறுப்புத் துணியில் அதிகமாகவே தெரியும். உள்ளே விட்டது கால் அங்குலம்தான் என்றால் அந்தக் குர்த்தாவைப் பிரிக்க வேண்டாம். கொசுவ சல்வாரை விட்டுவிட்டு ஒட்டிய சுடிதாருடன் போட்டுக்கொள்வது மேல்.

கல்யாணத்துக்கு ஷெர்வானி தைக்கக் கொடுப்பவர்களும் இதே சோதனையைச் செய்யலாம். அதில் உள்ளே லைனிங் இருப்பதால் இன்னொரு தொல்லை உண்டு. பிளவு ஓரத்தில் லைனிங் மேல்துணியைவிடச் சிறிது குட்டையாகிவிட்டால், ஓரம் உள்பக்கம் சுருண்டு காலில் தட்டும். டிரயலுக்குப் போகும்போது பைஜாமாவைப் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே பத்தடி நடந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். நின்றபடி மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள்.