ஜெர்மனியில் கட்டிய ஓய்வூதியப் பணம்: எடுப்பதா, விட்டுவைப்பதா?

ஜெர்மனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மாசாமாசம் பென்ஷனுக்குன்னு பிடிச்சாங்களே, அது கிடைக்குமா? நம்ம பி.எஃப். கணக்குக்கு மாத்திக்க முடியுமா?" நான் ஷ்டுட்கார்ட்டில் வாகன வடிவமைப்பு வேலையில் இருந்து கோவைக்குத் திரும்பியவன். என் கணக்கைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதும், பிறகு நண்பர்களின் காகிதங்களோடு மல்லுக்கட்டியதுமாகச் சேர்ந்த விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், முடியாது என்பதுதான். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2011-இல் கையெழுத்தாகி 2017 மே 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி ஒரு நாட்டின் பணம் இன்னொரு நாட்டுக்குப் போவதில்லை. மாதங்கள்தான் கூட்டப்படுகின்றன. ஓய்வூதியத் தகுதிக்கு இத்தனை மாதம் வேண்டும் என்று இரண்டு நாடுகளும் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் அது 60 மாதம், நம் இ.பி.எஸ். திட்டத்தில் 10 வருடம். அந்த வரம்பைத் தாண்டியிருக்கிறோமா என்று பார்க்கும்போது மட்டும் மற்ற நாட்டின் மாதங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். தாண்டிவிட்டால், ஒவ்வொரு நாடும் தன்னிடம் கட்டிய காலத்துக்கு மட்டும் தன் பங்கைத் தரும்.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆர்.வி. என்ற வரியில் பிடித்தம் இருந்தால்தான் ஜெர்மனியில் உங்களுக்கு ஓய்வூதிய மாதம் சேர்ந்திருக்கிறது. இந்திய நிறுவனமே அனுப்பிவைத்து, இ.பி.எஃப்.ஓ.விடம் காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர்கள் அங்கே கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு இங்கே பி.எஃப். தொடர்ந்து போயிருக்கும், அங்கே எதுவும் சேர்ந்திருக்காது. இந்தக் கட்டுரை அங்குள்ள நிறுவனத்திலேயே ஒப்பந்தம் போட்டு வேலை பார்த்தவர்களுக்கானது.

என் முன்னாள் சக ஊழியர் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் 38 மாதம் வேலை, பிறகு ஷ்டுட்கார்ட் பக்கத்தில் 44 மாதம். ஊர் திரும்பிய வாரமே தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணா, ரெண்டு பக்கமும் பணத்தை எடுத்துடலாம்னு இருக்கேன். வீட்டுக்கடனை அடைச்சிடலாம்ல?"

"எடுக்கிறதுல தப்பில்ல தம்பி. ஆனா ரெண்டையும் கூட்டிப் பார்த்துட்டு எடுங்க" என்றேன்.

ஜெர்மனியில் ஓய்வூதியப் பங்களிப்பு சம்பளத்தில் 18.6 சதவீதம். அதில் பாதி, அதாவது 9.3 சதவீதம், நம் சம்பளத்திலிருந்து போகிறது. மறுபாதி நிறுவனம் தருவது. 60 மாதத்துக்குக் கீழே கட்டிவிட்டு இந்தியா திரும்பும் இந்தியக் குடிமக்கள், கடைசியாகக் கட்டிய மாதத்திலிருந்து 24 மாதம் கழித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கான படிவம் V0901. திரும்ப வருவது நம் பாதி மட்டும்தான், அதுவும் வட்டி இல்லாமல். நிறுவனம் கட்டிய பாதி அங்கேயே நின்றுவிடும். பணம் கைக்கு வந்ததும் அந்த 44 மாதமும் பதிவிலிருந்து அழிந்துபோகும். பின்னாளில் மறுபடி ஜெர்மனிக்குப் போனாலும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

நண்பரின் சம்பளம் வருடத்துக்குச் சுமார் 54,000 யூரோ. அதில் 9.3 சதவீதம் 5,000 யூரோவைச் சற்றே தாண்டும். 44 மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 18,400 யூரோ. எடுத்தால் கிடைப்பது இது.

எடுக்காமல் விட்டால்? அங்கே ஓய்வூதியத்தைப் புள்ளிகளாகக் கணக்கிடுகிறார்கள். நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒரு வருடம் வாங்கியவருக்கு ஒரு புள்ளி. நண்பரின் சம்பளம் அந்த வருடங்களின் சராசரியைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 44 மாதத்துக்கு 4.4 புள்ளி. 2025 ஜூலையில் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ. ஆக அந்த மதிப்பில் மாதம் சுமார் 180 யூரோ, 67 வயது முதல் ஆயுள் முழுக்க. வரி இருந்தால் அது தனி. புள்ளியின் மதிப்பு அங்குள்ள சம்பளங்களை ஒட்டி ஏறிக்கொண்டே வருவது. 18,400 யூரோவை 180-ஆல் வகுத்தால் 102 மாதம், எட்டரை வருடம். ஓய்வுபெற்று அதற்கு மேல் வாழ்ந்தால் விட்டுவைத்ததே லாபம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் 35 வயதில் அந்தப் பணம் கைக்கு வந்தால் 67 வரை அது பெருகவும் செய்யும், கடன் வட்டியை மிச்சப்படுத்தவும் செய்யும். அதையும் எதிர்த்தட்டில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். வயது ஐம்பதை நெருங்கியவர்கள் விட்டுவைப்பதே மேல் என்பது என் கருத்து. இளைஞர்களுக்கு நான் ஒரே பதில் சொல்வதில்லை.

180 யூரோ என்கிற அந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் 60 மாதம் வேண்டுமே, நண்பரிடம் இருப்பது 44தானே? இங்கேதான் சென்னையின் 38 மாதம் வருகிறது. இரண்டும் சேர்ந்து 82. வரம்பு தாண்டியாயிற்று. ஜெர்மனி தன் 44 மாதத்துக்கு ஓய்வூதியம் தரும். ஒரே மாதம் இரண்டு நாட்டிலும் பதிவாகியிருந்தால் ஒரு முறைதான் எண்ணுவார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் இ.பி.எஸ். பணத்தை எடுக்க வேண்டாம் என்று அவரைத் தடுத்தேன். வேலையை விட்டதும் பலர் படிவம் 19, படிவம் 10சி இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். 19 என்பது பி.எஃப். சேமிப்புக்கு. 10சி ஓய்வூதியப் பங்குக்கு. நிறுவனம் இ.பி.எஸ்.ஸுக்குக் கட்டுவது 15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33 சதவீதம், மாதம் 1,250 ரூபாய்க்குள். 38 மாதத்துக்கு எடுத்தால் ஐம்பதாயிரத்துக்குள்தான் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டால் அந்தச் சேவைக்காலம் முடிந்துபோகும், ஜெர்மனிக் கணக்கில் கூட்டிக் காட்ட இந்திய மாதமே இருக்காது. பணத்தேவை இருந்தால் 19-ஐ மட்டும் போடலாம். 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கும் வழி இருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டால் மாதங்கள் பத்திரமாக இருக்கும். இந்தியாவில் மறுபடி வேலைக்குச் சேர்ந்து இன்னும் 38 மாதம் போனால் 38, 44, 38 சேர்ந்து 120 ஆகி, இ.பி.எஸ். ஓய்வூதியத்துக்கும் தகுதி வரும். அந்தத் தொகை மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான். இந்திய மாதங்களின் பெரிய பயன் ஜெர்மனிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்களில், பி.எஃப். பிடிக்கும் சம்பளம் தொடக்கத்திலேயே 15,000-க்கு மேல் இருந்தவர்கள் இ.பி.எஸ்.ஸில் சேர்க்கப்படுவதில்லை. பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் அந்த வகை. மேலே சொன்ன கூட்டலை நம்பி முடிவெடுக்கும் முன் அந்தப் பத்தியைப் பார்த்துவிடுங்கள்.

நண்பரின் மனைவி அங்கே வேலைக்குப் போகவில்லை. குழந்தை அங்கேதான் பிறந்தது. ஜெர்மன் சட்டத்தில் குழந்தை வளர்த்த காலமும் கட்டாயப் பங்களிப்பு மாதமாகவே எண்ணப்படும். 1992 முதல் பிறந்த குழந்தைக்கு 36 மாதம் வரை, பொதுவாகத் தாயின் பெயரில். ஜெர்மனியில் வாழ்ந்து வளர்த்த மாதங்கள்தான் கணக்கில் வரும். இது தானாகப் பதிவாகாது, V0800 படிவத்தில் கேட்க வேண்டும். ஒரு ரூபாய்கூடக் கட்டாத பெண்ணுக்கு ஓய்வூதிய மாதம் சேர்கிறது என்பதை நம் குடும்பங்களில் பலர் நம்பவே மறுக்கிறார்கள். வேலைக்கும் போய்க் குழந்தையும் வளர்த்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மாதங்களும் 60-இல் சேரும். ஜெர்மன் மாதங்கள் மட்டுமே 60-ஐத் தொட்டுவிட்டால் ஓய்வூதியம் உறுதி, பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி மூடிவிடும்.

இந்தியாவுக்கு வராமல் இன்னொரு நாட்டுக்குப் போகிறவர்களின் கதை வேறு. ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு வேலை மாறினால், அங்கே இருக்கும்வரை ஜெர்மனிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி இடம்பெயரும் வெளிநாட்டவருக்கும் ஒன்றியத்தின் கூட்டல் விதிகள் பொருந்தும், டென்மார்க் மட்டும் விலக்கு. 44 ஜெர்மன் மாதத்தோடு 16 டச்சு மாதம் சேர்ந்தாலே 60 ஆகிவிடும். டச்சு அடிப்படை ஓய்வூதியத்தில் அங்கே காப்பீட்டில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் முழுத்தொகையில் 2 சதவீதம் தனியாகச் சேரும். அமெரிக்காவுக்குப் போனால் அங்குள்ள ஓய்வூதியத்துக்கு இந்திய மாதங்கள் உதவிக்கு வராது, இந்தியாவோடு அவர்களுக்கு இப்படியொரு ஒப்பந்தம் இல்லை.

நடைமுறையில் காரியம் நிற்பது பெரும்பாலும் பெயரில்தான். நம் பி.எஃப். பதிவில் பெயரும் முன்னெழுத்தும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த முன்னெழுத்து அப்பாவின் பெயராக விரிந்திருக்கும். ஜெர்மனியில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகி, நம் பெயர் முதல் பெயராகிவிடும். இரண்டு அலுவலகங்களும் பார்க்கும்போது இரண்டு மனிதர்கள். நண்பருக்கும் இதே சிக்கல். ஆதாரில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றி, அதைக் கொண்டு யு.ஏ.என். பதிவையும் திருத்தினோம். சென்னை நிறுவனம் அவர் வெளியேறிய தேதியைப் பதியவே இல்லை. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் அதைப் பதிய வழி இருப்பதால் அதுவும் முடிந்தது.

ஜெர்மனிப் பக்கத்தில் கேட்டு வாங்க வேண்டியது காப்பீட்டு வரலாறு என்கிற பதிவுச் சீட்டு. அங்கே ஆண்டுதோறும் ஓய்வூதியத் தகவல் கடிதம் வருவது ஐந்து வருடம் கட்டியவர்களுக்குத்தான், 44 மாதக்காரருக்கு யாரும் எழுத மாட்டார்கள். சமூகக் காப்பீட்டு எண்ணைக் குறிப்பிட்டு நாமே கேட்க வேண்டும். நண்பரின் சீட்டில் முதல் இரண்டு மாதம் விடுபட்டு 42 என்று வந்தது. நிறுவனம் வருடாவருடம் தரும் சமூகக் காப்பீட்டு அறிவிப்புச் சான்றின் நகலை அனுப்பியதும் திருத்திக் கொடுத்தார்கள். அந்தச் சான்றைச் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ஊர் திரும்பும் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அதுதான்.

நண்பர் இன்னும் முடிவெடுக்கவில்லை, அவசரமும் இல்லை. 24 மாதம் முடிந்த மறுநாளே விண்ணப்பித்தாக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. மறுபடி ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போகாதவரை அவருக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன. திட்டச் சான்றிதழ் வந்துவிட்டது, மனைவியின் V0800 போயிருக்கிறது. வீட்டுக்கடனில் ஒரு பகுதியைப் படிவம் 19-இல் வந்த பி.எஃப். பணத்தால் அடைத்திருக்கிறார்.