சபா சந்தாவும் நவராத்திரி மண்டபமும்

அன்பு மகளே,

சென்னையில் ஒரு சபாவில் உறுப்பினராகச் சேர்ந்தால் பாட வாய்ப்பு வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். கையில் உள்ள பணத்தை அதில் போடுவதற்குமுன் விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படி. உறுப்பினருக்குக் கிடைப்பது நாற்காலிதான், மேடை அல்ல. பாடகரைத் தேர்ந்தெடுப்பது வேறு ஆட்கள், வேறு வழி. பணத்தோடு கச்சேரித் தேதியையும் சேர்த்துப் பேசினார்கள் என்றால் அது தேர்வல்ல, விற்பனை. அப்படி விற்கப்படும் நேரம் பெரும்பாலும் ஆளில்லாத காலைப் பொழுதாக இருக்கும். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நீயே பணம் கொடுக்க வேண்டிவரும்.

நாற்காலிக்காகவே சேர்வதானால் கணக்குப் போட்டுப் பார். சந்தா 6,000 ரூபாய், மாதம் ஒரு கச்சேரி என்று வைத்துக்கொள். எல்லாவற்றுக்கும் போகும் மயிலாப்பூர்க்காரருக்குக் கச்சேரிக்கு 500 ரூபாய்தான் ஆகிறது. கொட்டாரத்திலிருந்து நீ வருஷத்தில் ஐந்து முறை போனாலே பெரிது. அப்போது ஒன்றுக்கு 1,200 ரூபாய், ரயில் செலவு தனி. அதே அரங்கில் 500 ரூபாய்க்குத் தனி டிக்கெட் கிடைத்தால் சந்தா உனக்கானது அல்ல.

மார்கழியில் போவதானால் மாலை டிக்கெட்டுக்கு ஆசைப்படாதே. மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளுக்குக் கட்டணம் இல்லை. மதியக் கச்சேரிகளைப் பல சபாக்களில் சும்மாவே கேட்கலாம். உன் வயதுக்காரர்கள் பாடுவது அங்கேதான். ஒரே ஒரு மாலைக்கு மட்டும் பணம் கொடு. நீ பாடம் செய்துகொண்டிருக்கும் ராகத்தில் ஆழ்ந்தவர் யாரோ, அவருடைய கச்சேரிக்கு.

ஆனால் நம்மூருக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நவராத்திரிக்கு சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும், பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் திருவனந்தபுரம் போகிறார்களே, அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. டிக்கெட் கிடையாது, கைதட்டவும் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாள் கீர்த்தனை ஒன்று முன்பே முடிவானது: முதல் நாள் சங்கராபரணத்தில் ‘தேவி ஜகஜ்ஜனனி’, நான்காம் நாள் தோடியில் ‘பாரதி மாமவ’. பாட்டு முன்கூட்டியே தெரிவதால் நீ அதைப் பாடம் பண்ணிவிட்டுப் போய் உட்காரலாம். எந்தச் சங்கதியைப் பாடகர் நீட்டினார், எந்த இடத்தில் நிரவலுக்கு எடுத்தார் என்று நீ பாடியதோடு ஒப்பிட்டுக் கேட்கலாம். எந்தப் பெரிய டிக்கெட்டும் இதைத் தராது. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை அங்கே பெண்கள் பாடியதே இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போ. நாகர்கோவிலிலிருந்து பஸ் செலவு மட்டும்தான். ஒன்பது நாளும் வேண்டாம், உனக்குத் தெரிந்த ராகம் வரும் இரண்டு நாள் போதும்.

தயங்காமல் கட்டவேண்டிய கட்டணம் ஒன்று உண்டு: வானொலிக் குரல் தேர்வு. தேறினால் தரம் கிடைக்கும், நிகழ்ச்சிக்குச் சம்பளமும் வரும். மிச்சமாகும் பணத்தைப் பக்கவாத்தியக்காரரோடு ஒத்திகைக்கு வை. சபாப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை