60 பேர் கூடுதலா வாங்கினாங்க, நிஜமாவா? லிஃப்ட் ஸ்டடி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

நீங்க ஒரு ஆன்லைன் டி-ஷர்ட் கடையில இன்டர்ன்னு வச்சுக்கோங்க. ரூ.1,20,000 விளம்பரச் செலவு. பிளாட்ஃபார்ம் டாஷ்போர்டு "200 விற்பனை" என்று காட்டுகிறது. அதாவது விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 200 பேர் வாங்கியிருக்காங்க. விளம்பரம் இல்லேன்னாலும் அவங்கள்ல எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க? இதற்கு டாஷ்போர்டில் பதில் இல்லை. அதுக்குத்தான் கன்வெர்ஷன் லிஃப்ட் ஸ்டடி.

பிளாட்ஃபார்ம் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறது. டெஸ்ட் குரூப்புக்கு விளம்பரம் போகலாம். கன்ட்ரோல் குரூப்புக்குப் போகவே போகாது. நம்ம கற்பனைக் கணக்கில் குரூப்புக்கு 1 லட்சம் பேர். டெஸ்ட்டில் 560 பேர் வாங்கினார்கள், கன்ட்ரோலில் 500 பேர். வித்தியாசம் 60. விளம்பரத்தால் வந்த விற்பனை இதுதான், 200 இல்லை. லிஃப்ட் 60/500, அதாவது 12%.

இங்கே பலர் வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு. டெஸ்ட் குரூப்பில் எல்லாரும் விளம்பரத்தைப் பார்த்திருக்க மாட்டாங்க. "பார்த்தவங்களை மட்டும் எடுத்து கன்ட்ரோலோட ஒப்பிடலாமே"ன்னு தோணும். கூடாது. விளம்பரம் கண்ணில் படுபவர்கள் அதிக நேரம் ஆன்லைனில் இருப்பவர்கள். அவர்கள் இயல்பாகவே அதிகம் வாங்கலாம். குலுக்கல் தந்த சமநிலை அங்கேயே உடைந்துவிடும். முழு குரூப்போடு முழு குரூப்பைத்தான் ஒப்பிடணும்.

அடுத்து, அந்த 60-ஐ எவ்வளவு நம்பலாம்? குலுக்கல் வேறு மாதிரி விழுந்திருந்தால் எண்ணும் மாறியிருக்கும். வாங்குபவர்களின் விகிதம் இவ்வளவு சிறியதாக, குரூப்புகள் சம அளவில் இருக்கும்போது ஒரு எளிய தோராயம் உண்டு:

```
SE ≈ √(560 + 500) ≈ 33
90%: 60 ± 1.645 × 33 → 6 முதல் 114
95%: 60 ± 1.96 × 33 → −5 முதல் 125
```

ஒரே டேட்டா, ரெண்டு தீர்ப்பு! 90% இடைவெளியில் பூஜ்ஜியம் இல்லை, அதனால் ரிப்போர்ட் "முடிவு உறுதி" என்று சொல்லலாம். 95% இடைவெளியில் பூஜ்ஜியம் உள்ளே வந்துவிடுகிறது. அதனால ரிப்போர்ட்டை எடுத்ததும் எந்த சதவீதத்தில் இடைவெளி போட்டிருக்காங்கன்னு முதல்ல பாருங்க.

இப்போ காசுக்கு வருவோம். ஒரு கூடுதல் விற்பனைக்கான செலவு 1,20,000/60 = ரூ.2,000. ஆனால் 90% இடைவெளியின் இரு முனைகளை வைத்துப் பார்த்தால் அது சுமார் ரூ.1,050 முதல் ரூ.20,000 வரை! ஒரு விற்பனையில் லாபம் ரூ.2,500 என்றால், முதல் ஈடாக 48 கூடுதல் விற்பனை வேண்டும். 6 முதல் 114-க்குள் 48 இருக்கிறது. ஆக, விளம்பரம் வேலை செய்திருக்கலாம். லாபம் தந்ததா என்பது இன்னும் தெரியாது.

இடைவெளி பாதியாகச் சுருங்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை. அதனால மேனேஜர் "12% லிஃப்ட்"னு ஸ்லைடு போடச் சொன்னா, பக்கத்துலயே "6 முதல் 114"ஐயும் போடுங்க.